பால் கொள்முதல் பதிவேடுகளிலிருந்து உறுப்பினர் வாரியாகப் பட்டுவாடா விவரம் வழங்கக் கோரிக்கை மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

தோவாளை வட்டத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தில் நான் 17-ஆம் எண் உறுப்பினர். இரண்டு கறவை மாடுகளை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. காலையும் மாலையும் ஊற்றும் பாலின் லிட்டர், லாக்டோமீட்டர் அளவு, கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் அளவான எஸ்.என்.எஃப். ஆகியவை பதிவேட்டில் கையால் எழுதப்படுகின்றன. பட்டுவாடா நாளில் எங்கள் கைக்கு வருவதோ மொத்தத் தொகை எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. இப்போது பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி ஆளுக்கொரு விவரப் பட்டியல் தருவதாகச் சொல்கிறார்கள். பிழையையும் சேர்த்து ஏற்றிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் கவலை.

சென்ற மாதம் சந்தேகப்பட்டு என் வரிகளைப் பார்த்தேன். ஒரு காலை வேளையில் கொழுப்பு 4.8 என்பதை 4.3 என்று எடுத்து விலை போட்டிருந்தார்கள். அவசரத்தில் எழுதிய 8, இடப்பக்கம் வளையம் மூடாமல் 3 போலவே நின்றது. அதே வரியில் லாக்டோமீட்டர் 28, எஸ்.என்.எஃப். 8.3 என்று தெளிவாக இருந்தது. எங்கள் சங்கத்தில் லாக்டோமீட்டர் அளவை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் 0.36-ஐயும் கூட்டி எஸ்.என்.எஃப். எழுதுகிறார்கள். கொழுப்பு 4.8 என்றால் 7, 0.96, 0.36 சேர்ந்து 8.32 வருகிறது. 4.3 என்றால் 8.22 தான், 8.2 என்றே எழுதியிருப்பார்கள். எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்பதை அந்த வரியே காட்டிக்கொடுத்தது.

ஆள் மாறிப்போனால் இந்தச் சோதனை உதவாது. ஒரு மாலையில் 11-ஆம் எண்ணுக்கு இரண்டு வரிகள் இருந்தன, 17-க்கு ஒன்றுமில்லை. என் பால் பணம் பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கில் சேர்ந்திருந்தது. அவரே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாருக்கும் அப்படி அமையுமா?

ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் இருவர் தனித்தனியாகப் பதிந்து, வேறுபடும் இடத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட உத்தரவிட வேண்டுகிறோம். எஸ்.என்.எஃப். கணக்கு ஒத்துவராத வரிகளையும், ஒரே வேளையில் இரண்டு முறை வரும் எண்களையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். லிட்டர் பிழை இவற்றில் சிக்காது என்பதால், வேளைக் கூட்டுத்தொகையைப் பதிவேட்டின் அடியில் உள்ள மொத்தத்தோடு சரிபார்க்க வேண்டும். படிக்க முடியாத எண்ணைச் சராசரி போட்டு நிரப்பாமல் வெற்றிடமாக விட்டு, உறுப்பினரை அழைத்துக் கேட்கட்டும்.

பட்டியலில் வேளை வாரியாக லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., லிட்டர் விலை, தொகை ஆகியவற்றோடு பதிவேட்டுப் பக்க எண்ணும் இருக்க வேண்டும். தீவனத்துக்குப் பிடித்த பணம் தேதியோடு தனி வரியாக வரட்டும். பட்டுவாடாவுக்கு மூன்று நாள் முன்பே பட்டியல் கிடைத்தால், தவறு இருந்தால் பணம் போகும் முன் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
17-ஆம் எண் உறுப்பினரும் சக உறுப்பினர்களும்
(கையொப்பங்களும் இரண்டு பதிவேட்டுப் பக்க நகல்களும் இணைப்பில்)