ஞாயிற்றுக்கிழமை மாட்டோடு ஆட்டையும் கொண்டு வாருங்கள்

நம்ம டிவிஷனில் மாடும் ஆடும் வளர்க்கிற அண்ணன்மார், அக்காமார், மாமா மாமிமார் எல்லோருக்கும்,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு பிரட்டுக்களத்தில் கால்நடை வைத்தியர் வருகிறார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கால் வாய் நோய்க்கு ஊசி போடுவார், பூச்சி மருந்தும் கொடுப்பார். ஒரு ரூபாயும் வேண்டாம். மேல் லயத்துக்காரர்கள் 7 மணிக்கு வாருங்கள், கீழ் லயத்துக்காரர்கள் 9 மணிக்கு. நேரத்துக்கு வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தடுப்பூசி மருந்து ஐஸ் பெட்டியில்தான் வருகிறது, திறந்த போத்தலை அன்றைக்கே முடிக்க வேண்டும், வெயிலில் சூடேறினால் அந்த ஊசி போட்டும் பிரயோசனமில்லை.

போன முறை மாடுகள் ஓரளவுக்கு வந்தன, ஆடு ஒன்றுகூட வரவில்லை. "ஆட்டுக்கு எதுக்கு ஊசி" என்று இரண்டு மூன்று பேர் என்னிடமே கேட்டார்கள். கால் வாய் நோய் ஆட்டுக்கும் வரும். மாட்டுக்கு வந்தால் எச்சில் கயிறு மாதிரி ஒழுகும், நாக்கில் கொப்புளம் உடையும், குளம்புக்கு நடுவில் புண் வரும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆட்டுக்கு வந்தால் இரண்டு நாள் நொண்டும், அப்புறம் சரியாகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆடு பக்கத்துப் பட்டி மாட்டுக்கு நோயைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து அழைக்கிறோம்.

ஊசி போட்டதும் அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, உடம்பு தயாராக ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். பக்கத்துத் தோட்டத்தில் நோய் வந்த பிறகு ஓடி வந்து போட்டால் பிந்திவிடும். கறவை மாட்டில் ஒன்றிரண்டு நாள் பால் கொஞ்சம் குறையலாம், ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி இருக்கலாம், இரண்டும் போய்விடும். ஊசிக்காக பாலை ஊற்றத் தேவையில்லை, ஊசி மட்டும் போட்ட மாட்டின் பாலை மறுநாளும் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கலாம். சினை மாட்டுக்கு ஊசியால் சினை கலையும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அதை இழுத்து வருகிற விதத்தைத்தான். வழுக்குகிற படிக்கட்டில் விரட்டி, கூட்டத்தில் நெரித்துக் கொண்டுவந்தால் அதுதான் ஆபத்து. ஈனப்போகிற கடைசி மாதத்தில் இருக்கிற மாடு என்றால் வர வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள், எப்போது போடலாம் என்று வைத்தியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இனி பூச்சி மருந்து. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம்மில் பலர் கடையில் ஒரு போத்தல் வாங்கி, ஒரு மூடி, அரை மூடி என்று கண்ணளவில் கொடுக்கிறோம். குட்டிக்கும் அதுதான், கிடாவுக்கும் அதுதான். மழைக்காலத்தில் ஆடுகள் சோர்ந்து, தாடைக்குக் கீழே தண்ணீர் கோர்த்து வீங்குகிறதே, அது பெரும்பாலும் ரத்தம் குடிக்கிற வயிற்றுப் புழுவால் வருவது. ஆட்டின் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது, வெளுத்துப்போய் இருந்தால் புழு குடித்துவிட்டது. அந்த ஆட்டுக்குக் குறைந்த அளவு மருந்து கொடுத்தால், மருந்துக்கு அடங்குகிற புழு செத்துவிடும், அடங்காத புழு உயிரோடு இருந்து முட்டை போடும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் அந்த லயத்து ஆடுகளில் அடங்காத புழு மட்டும்தான் மிஞ்சும், பிறகு எந்த விலைக்கு வாங்கினாலும் மருந்து கேட்காது.

எடை தெரியாமல் அளவு சொல்ல முடியாது, தராசும் நம்மிடம் இல்லை. தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும், தோள் முனையிலிருந்து பின் எலும்பு வரை நீளம் எடுக்க வேண்டும், இரண்டும் சென்டிமீட்டரில். என் அக்காவின் பெட்டை ஆட்டை நேற்று அளந்தேன். நெஞ்சளவு 65, நீளம் 60. 65-ஐ 65-ஆல் பெருக்கி, அதை 60-ஆல் பெருக்கி, 10840-ஆல் வகுத்தால் 23 கிலோ சொச்சம் வருகிறது. அக்கா அதைப் பார்த்து "15 கிலோதான் இருக்கும்" என்றார்! ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தியர் சொல்கிறார், போத்தலில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 23 கிலோவுக்கு 9 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம் வேண்டும். அக்கா மனதில் வைத்திருந்த எடைக்கு 6 மில்லிலிட்டர்தான். இந்த வித்தியாசத்தில்தான் புழு தப்பிக்கிறது. மருந்துக்கு மருந்து அளவு மாறும், அதனால் இந்தக் கணக்கை எல்லா போத்தலுக்கும் போடாதீர்கள். செம்மறியாட்டுக்கு எழுதிய அளவும் வெள்ளாட்டுக்குச் சரிவராது, வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆட்டுக்கும் மருந்து கிடைக்கும் என்று சொல்லவில்லை. இமை சிவந்து, உடம்பு பிடித்திருக்கிற பெரிய ஆட்டை வைத்தியர் விட்டுவிடலாம். "என் ஆட்டுக்கு மட்டும் ஏன் இல்லை" என்று சண்டை போடாதீர்கள். மருந்து படாத புழு கொஞ்சம் வெளியில் இருந்தால்தான் மருந்து நாளைக்கும் வேலை செய்யும்.

கொடுக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு ஆட்டின் தலையை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, வேகமாக ஊற்றினோம். இருமியது, நாங்கள் நிறுத்தவில்லை. மருந்து நுரையீரலுக்குப் போய், மூன்றாம் நாள் செத்துவிட்டது. அம்மா அதைத் தூக்கி வளர்த்த ஆடு. தலை முதுகு மட்டத்துக்கு இருந்தால் போதும், வாயின் ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து, நாக்கின் பின் பக்கமாக மெல்ல விட வேண்டும், இருமினால் உடனே விட்டுவிட வேண்டும். அன்றைக்கு நேரில் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகக் கொடுக்கிற சில பூச்சி மருந்துகள் சினை பிடித்த முதல் மாதத்தில் ஆகாது. சினை ஊசி போட்ட அட்டையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், ஆடு என்றால் கிடாவோடு சேர்ந்த நாளை நினைவு வைத்துச் சொல்லுங்கள். பால் கறக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், மருந்துக்கேற்ப சில நாள் பாலை விற்கக் கூடாது, எத்தனை நாள் என்று எழுதித் தருவார்கள்.

இரண்டு மூன்று கிழமைக் கன்று, பானை வயிறாய், வெளுத்த நாற்றமான சாணி போட்டால் அது தாய்ப்பால் வழியாக வந்த புழுவாக இருக்கலாம். தடுப்பூசிக்கு வயது போதாவிட்டாலும் அந்தக் கன்றைக் கொண்டு வாருங்கள்.

இன்னொரு வகையும் வரக் கூடாது. வாயில் நுரை தள்ளுகிற, நொண்டுகிற, காய்ச்சல் இருக்கிற மாடோ ஆடோ பட்டியிலேயே இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வழியாக எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எல்லோருடையதும் முடிந்த பிறகு வைத்தியர் கடைசியாக அங்கே வருவார். உங்கள் பட்டியில் நோய் என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், மறைத்துக் கொண்டு வந்தால்தான் நாற்பது மாட்டுக்கும் பரவும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு கயிறு, மாட்டுக்கு மூக்கணாங் கயிறு, ஓட விடாமல் பிடிக்க ஒரு ஆள். டேப் பிடித்து எடை எழுத நல்லா கணக்குப் போடுகிற பிள்ளைகள் நாலு பேர் வேண்டும், ஓஎல் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு என் வீட்டுப் பக்கம் அனுப்புங்கள், அக்காவின் ஆட்டில் பழகிக்கொள்ளலாம்.

உங்கள் டிவிஷன் பால் உற்பத்தியாளர் குழுவின் செயலாளர்