மஃரிபு நேரக் காணொளிக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.

ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவுக்கு அருகிலுள்ள எங்கள் சூராவில் நோன்பு திறக்கும் மாலை வேளையை இந்த ரமலானில் காணொளியாகப் பதிவு செய்தோம். அதற்கான உரையையும் காட்சி வரிசையையும் எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதை எழுதி முடிக்கக் காரணமாக இருந்தவர்களுக்கு முறைப்படி நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

யாருடைய பெயரும் இதில் இடம்பெறாது. கஞ்சி காய்ச்சும் பண்டாரி அவர்கள் தம் பெயரைக் காணொளியிலோ மடலிலோ போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அத்தஹ்ர் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தை ஓதிக் காட்டினார். "அல்லாஹ்வின் திருமுகத்துக்காகவே உங்களுக்கு உணவளிக்கிறோம், உங்களிடமிருந்து பிரதிபலனையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை" என்பது அதன் கருத்து. அவர் சொன்னதை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற நபிமொழியும் நமக்கு இருக்கிறது. ஆகவே பெயர்களை விடுத்து, அவரவர் செய்த உதவியை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் இமாம் அவர்களுக்கு உரியது. படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டுச் சென்றபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: கேமராவுக்காக ஒருவருடைய நோன்புத் திறப்பும் ஒரு விநாடிகூடத் தாமதமாகக் கூடாது. நோன்பு திறப்பதை விரைவுபடுத்தும் காலமெல்லாம் மக்கள் நன்மையில் இருப்பார்கள் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கு ஒலிக்காகக் காத்திருப்பவரிடம், விளக்கு சரியில்லை, இன்னொரு முறை எடுப்போம் என்று சொல்ல முடியாது. நோன்பு திறந்தவரைத் திரும்ப உட்காரவைத்து முதல் வாய் அருந்துவதுபோல் நடிக்கச் சொன்னால் அது வணக்கத்தை வேடமாக்கிவிடும். ஆகவே முழு உரையையும் அந்த ஒரு நிமிடத்திலிருந்து முன்னும் பின்னுமாக எழுதினேன். அதற்கு முந்தைய காட்சிகளில் விளக்கம் சொல்லலாம், வேண்டுமானால் இரண்டு முறைகூட எடுக்கலாம். அந்த நிமிடத்தில் மட்டும் நடப்பது நடந்தபடியே பதிவாக வேண்டும்.

துஆவை எங்கே வைப்பது என்பதையும் இமாம் அவர்களே தீர்த்துவைத்தார்கள். காணொளிகள் பலவற்றில் நோன்பு திறக்கும் துஆவை முழுமையாக ஓதிய பிறகே பழத்தை எடுப்பதாகக் காட்டுகிறார்கள். ஆனால் இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதில் வரும் "தஹபள் ளமஉ வப்தல்லத்தில் உரூக்கு வஸபத்தல் அஜ்ரு இன்ஷா அல்லாஹ்" என்ற துஆவின் பொருள், தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலி உறுதியாயிற்று என்பதாகும். தாகம் தணிந்த பின்னரே இவ்வாறு சொல்ல இயலும் என்று அவர் எடுத்துக் காட்டினார். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களும் நோன்பைத் திறந்த பிறகு துஆ ஓதுவதையே சொல்கின்றன. எனவே காட்சி வரிசை இவ்வாறு அமைந்தது: பாங்கு தொடங்குகிறது, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தைக் கடிக்கிறார்கள், தண்ணீர் அருந்துகிறார்கள், அதன் பிறகே துஆ ஒலிக்கிறது, அதன் பொருள் திரையின் கீழே வருகிறது. பழம் முதலிலும் தண்ணீர் அடுத்தும் வருவதற்கு அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பே ஆதாரம். நபி (ஸல்) அவர்கள் கனிந்த பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பார்கள், அது இல்லையெனில் உலர்ந்த பழத்தால் திறப்பார்கள், அதுவும் இல்லையெனில் சில மிடறு தண்ணீர் அருந்துவார்கள் என்று அது கூறுகிறது. "அல்லாஹும்ம லக்க ஸும்து" என்று தொடங்கும் துஆவையே சிறுவயது முதல் ஓதிவருபவர்கள் எங்கள் ஜமாஅத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அதையே ஓதட்டும் என்று இமாம் அவர்கள் சொன்னதால், எவர் உதட்டசைவையும் மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை.

பாங்கு சொல்லும் பிலால் அவர்களுக்கு அடுத்து நன்றி சொல்ல வேண்டும். பாங்கு ஒலிக்கும்போது விளக்கவுரையும் இசையும் வேண்டாம், பாங்கைப் பாதியில் வெட்டவும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். எனவே உரையில் அந்தப் பகுதியை ஒரு சொல்லும் எழுதாமல் விட்டுவைத்தேன். கேட்பவர் பாங்குக்குப் பதில் சொல்லவும் அந்த அமைதி தேவைப்படுகிறது. மற்றொரு சிக்கலையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். எங்கள் பகுதியில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கும் அக்கம்பக்கத்துச் சூராவ்களின் பாங்கும் சில விநாடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். வெளியே ஒலிவாங்கியை வைத்தால் எந்தச் சொல்லும் தெளிவாகப் பதிவாகாது. ஒலிவாங்கியைத் தம் அருகிலேயே வைத்துக்கொள்ள இசைந்து, சட்டையில் அதைப் பொருத்தவும் அனுமதித்த அவருடைய பொறுமையினால்தான் பாங்கு இவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

நேரத்தைத் திரையில் எழுத வேண்டாம் என்று சொன்னது ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர். பினாங்கு கோலாலம்பூருக்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் சில நிமிடங்கள் பிந்தியே மறைகிறது. தலைநகரத்து நேரத்தைக் கேட்டு இங்குள்ளவர் நோன்பைத் திறந்துவிட்டால் அந்த நோன்பு முறிந்துவிடும். தமிழகத்திலுள்ள உறவினர்களோ நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். நாம் நோன்பு திறக்கும்போது அவர்கள் இன்னும் நோன்பில் இருப்பார்கள். ஆகவே மணியைக் குறிப்பிடாமல், "உங்கள் ஊரின் மஃரிபு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்தோம். சிறிய வரிதான் என்றாலும், உரை முழுவதிலும் மிகவும் அவசியமானது அதுவே என்று நான் கருதுகிறேன்.

படம் பிடித்த தம்பிகள் இருவரும் எனக்குப் பிள்ளை வயதினர். அவர்கள் காட்டிய கவனத்தைப் பெரியவர்களிடம்கூட நான் அதிகம் கண்டதில்லை. நம் ஊரில் சூரியன் மறைந்த சற்று நேரத்துக்குள் வெளிச்சம் போய்விடுகிறது. மாலையில் சரியாக இருந்த படம் நோன்பு திறக்கும் வேளையில் இருண்டுவிடும், அல்லது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகங்களை வெளுக்க வைக்கும். அதனால் அஸருக்குப் பிறகே உள்விளக்குகள் அனைத்தையும் ஏற்றி, ஒளி அளவையும் நிற அளவையும் கையால் பூட்டிவைத்தார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 சட்டகம், 1/50 ஷட்டர் என்று அமைத்தார்கள். இல்லையெனில் குழல் விளக்கொளியில் படம் துடித்துக்கொண்டே இருந்திருக்கும். பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிட்டதால், அந்த வேளையில் எவரும் எவருக்கும் சைகை காட்ட வேண்டியிருக்கவில்லை.

தொழுகைக் காட்சியில் அவர்கள் நடந்துகொண்ட முறையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். தொழுபவருக்குக் குறுக்கே நடப்பது கடுமையாகக் கண்டிக்கப்பட்ட செயல். எனவே கேமராவை முக்காலியில் வைத்துப் பின்தூணருகே நிறுத்தி, பதிவைத் தொடங்கிவிட்டு, அவர்களும் ஸஃப்பில் சேர்ந்துகொண்டார்கள். மஃரிபின் மூன்று ரக்அத்தும் அந்த ஒரே கோணத்தில், அசையாமல் பதிவாயின. காணொளியில் அதிலிருந்து முதல் தக்பீர் மட்டுமே இடம்பெறுகிறது, அதுவும் முதுகுகளாகவே தெரிகிறது. அதற்கு மேல் காட்ட வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

கஞ்சியைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பண்டாரி அவர்களும் அடுப்படியில் உதவிய மாமிமாரும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏராளம். வீட்டில் காய்ச்சுபவர்களுக்காகக் காணொளியில் நாங்கள் தந்த அளவு அவர்கள் சொன்னதுதான்: ஒரு கப் பச்சரிசிக் குருணைக்குக் கால் கப் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, ஒரு துண்டு பட்டை, ஒரு முடிச்சு பாண்டான் இலை, எட்டிலிருந்து பத்துக் கப் தண்ணீர், விருப்பம்போல் கொத்துக்கறி. தேங்காய்ப்பாலைக் கடைசியில், தீயைத் தணித்த பிறகே ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். அடியில் பிடித்த வாடை வந்தால் கரண்டியால் சுரண்டாமல் மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும், சுரண்டினால் பானை முழுவதும் அந்த வாடை ஏறிவிடும்.

கஞ்சி அஸர் வேளையில் வழங்கப்படுகிறது, மஃரிபிலேயே அருந்தப்படுகிறது. இடைப்பட்ட அந்தப் பொழுதில் அரிசியும் பருப்பும் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் கஞ்சி கெட்டியாகிவிடும். எனவே வாங்கிச் செல்பவர்களுக்கானதை அவர் வேண்டுமென்றே நீர்க்க வைக்கிறார். கரண்டியில் எடுத்து உயர்த்தினால் கட்டியாக விழாமல் தொடர்ந்து ஒழுக வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். உப்புப் பார்ப்பதையும் நாங்கள் கேட்டோம். தேவையிருந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, விழுங்காமல் துப்பிவிடலாம் என்று அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனாலும் அவர் அளந்தே உப்புப் போடுகிறார். ஐயம் வந்தால் நோன்பு நோற்காத சிறுபிள்ளை ஒருவரிடம் ஒரு கரண்டி கொடுத்துக் கேட்கிறார். அந்தப் பிள்ளை தலையசைக்கும் காட்சியைப் பெற்றோர் அனுமதியுடன் சேர்த்திருக்கிறோம்.

இறுதியாக, அஸர் வேளையில் வரிசையில் நின்றவர்களுக்கு நன்றி. தூக்குச்சட்டியோடும் அடுக்குச்சட்டியோடும் வந்தவர்களில் நம் ஜமாஅத்தினரும் இருந்தார்கள், வேலை முடித்து வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள், நோன்புக் கஞ்சிக்காக வரும் இந்து, சீன அண்டைவீட்டாரும் இருந்தார்கள். உணவு பெறும் ஒருவரின் முகத்தைக் காட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே பகிர்வுக் காட்சி முழுவதும் கரண்டியும் பாத்திரமும் கைகளும் மட்டுமே தெரியுமாறு இடுப்பளவு உயரத்தில் எடுக்கப்பட்டது. எடுப்பதற்கு முன்பு ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டே எடுத்தோம். விருப்பமில்லை என்று சொன்னவர்களுக்காகக் கேமராவைத் திருப்பி வைத்தோம். அவர்களுக்கும் என் நன்றி உரியது. நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளித்தவருக்கு அந்த நோன்பாளியின் கூலி போன்றதே கிடைக்கும், நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாது என்ற திர்மிதி நபிமொழி அக்காட்சியின் மேல் ஒலிக்கிறது.

உரையின் கையெழுத்துப் படியைச் சூராவ் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். வேறு பள்ளிவாசல்களில் இத்தகைய காணொளி எடுக்க விரும்புவோர் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். துஆவின் இடத்தை மட்டும் தத்தம் இமாமிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.

உங்கள் துஆவை வேண்டும்,
காணொளிக் குழுவின் சார்பில்,
உரை எழுதியவர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.