2025–26 ஆண்டறிக்கை: சிறுவர் போட்டியின் சம்மதப் படிவங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. நூலக அறைக்கு மேற்கூரை பழுதுபார்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். என் அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். சிறுவர் குறள் ஒப்புவித்தல், ஓவியப் போட்டிகளுக்காகப் பெற்றோரிடம் நாம் வாங்கும் சம்மதப் படிவம்தான் அது. சென்ற ஆண்டு அதில் ஒரு தவறு நடந்தது. செயலாளர் என்ற முறையில் பொறுப்பு என்னுடையது.

பழைய படிவத்தில் ஒரே வாக்கியம் இருந்தது: “என் பிள்ளை போட்டியில் கலந்துகொள்ளவும், அங்கே எடுக்கும் புகைப்படங்களைச் சங்கம் பயன்படுத்தவும் சம்மதிக்கிறேன்.” அதன் கீழே ஒரு கையெழுத்து. ஒரு தாய் அந்த வாக்கியத்தின் பின்பாதியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டிருந்தார். பதிவேட்டில் பெயர் ஏற்றிய நாம், கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் படிவத்தைப் புரட்டிவிட்டோம். அவருடைய மகள் இரண்டாம் பரிசு பெற்றாள். பரிசு வாங்கும் படம், பெயரும் வகுப்பும் பள்ளியும் சேர்த்து, அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

இரவு பத்து மணிக்கு அவர் அழைத்தார். “அண்ணாச்சி, நான் அந்த வரியை அடித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். படிவத்தை எடுத்துப் பாருங்கள்” என்றார். எடுத்துப் பார்த்தேன். நீல மையில் இரண்டு கோடுகள், அழுத்தமாக, தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தன. அவர் சொன்ன காரணத்தை இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிள்ளை எந்த ஊரில், எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது சிலருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். குழுவிலிருந்து படத்தை உடனே நீக்கினோம். ஆனால் அதற்குள் தங்கள் கைபேசியில் சேமித்துக்கொண்டவர்களிடமும், வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களிடமும் அது இருந்தது. ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டோம். முழுவதும் அழிந்துவிட்டது என்று அந்தத் தாயிடம் எங்களால் உறுதி கூற முடியவில்லை.

ஆகவே இவ்வாண்டு படிவத்தை இரண்டாகப் பிரித்தோம். மேல்பாதி போட்டியில் சேர்வதற்கு, கீழ்பாதி புகைப்படத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து. கீழ்பாதியிலும் மூன்று கேள்விகள் உண்டு: சங்க அறையில் மாட்டலாமா, ஆண்டு மலரில் அச்சிடலாமா, இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிடலாமா. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். எதையும் நிரப்பாமல் விட்டால் ‘இல்லை’ என்றே கொள்வோம். புகைப்படத்துக்கு மறுத்தாலும் போட்டியில் சேரத் தடையில்லை என்பதைக் கீழ்பாதியின் முதல் வரியாகவே அச்சிட்டோம். அந்த வரி இல்லையென்றால், பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்ற அச்சத்திலேயே பலர் ‘ஆம்’ போட்டுவிடுகிறார்கள். அப்படி வாங்குவது சம்மதம் ஆகாது.

நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 18 வயது நிறையாதவர் எவரானாலும் அச்சட்டத்தின்படி குழந்தைதான். பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ தரும், சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றிய பகுதி நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் இருக்கிறது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது.

சரிபார்ப்பதுதான் நம் பக்கத்தில் கடினம். தகப்பனார் வளைகுடாவில், தாயார் வேலைக்கு வெளியூரில், ஆச்சிதான் பிள்ளையைக் கூட்டிவருவார். ஆச்சியின் கையெழுத்தை மட்டும் வைத்துப் படம் வெளியிட மாட்டோம். பெற்றோரிடம் போனில் பேசி, பேசியவர் பெயரையும் நாளையும் நேரத்தையும் படிவத்தின் பின்பக்கம் எழுதுகிறோம். பேச முடியவில்லை என்றால் படம் ‘இல்லை’. இன்னொன்று, பள்ளியிலிருந்து கட்டாக வரும் படிவங்கள். ஒரு கட்டில் பதினான்கு கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. ஆசிரியர் நல்லெண்ணத்தில் போட்டிருக்கிறார். ஆனால் அவர் பெற்றோர் ஆகிவிட மாட்டார். அந்தக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பிப் புதிதாக வாங்கினோம்.

போட்டி நாளில் படம் வேண்டாதவர் யார் என்று புகைப்படக்காரருக்கு எப்படித் தெரியும்? முதலில் சட்டையில் சிவப்பு வட்டம் ஒட்டலாம் என்று நினைத்தோம். ஒத்திகையிலேயே ஒரு பையன், “எனக்கு மட்டும் ஏன் சிவப்பு?” என்று கேட்டான். அத்தோடு அதை விட்டுவிட்டோம். இப்போது படத்துக்குச் சம்மதித்தவர்களுக்கு 1 முதலும், மறுத்தவர்களுக்கு 501 முதலும் எண் அட்டை தருகிறோம். பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியாது. 500க்கு மேல் எண்ணைக் கண்டால் புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிடுவார். அன்று காலை ஒரு தகப்பனார் மனம் மாறி வந்தார். கீழ்பாதியில் திருத்திக் கையெழுத்திட்டார். பிள்ளையின் அட்டையை மாற்றிக் கொடுத்தோம். இரண்டு நிமிட வேலை. எல்லோரும் சேர்ந்த படத்தை அரங்கின் பின்னாலிருந்து, முகம் தெரியாமல் எடுத்தோம். எந்தப் படத்தோடும் பள்ளிப் பெயரை இனி எழுதுவதில்லை. பார்வையாளர் வரிசையில் பெற்றோர் எடுப்பதை நாம் தடுக்க முடியாது. தம் பிள்ளையை மட்டும் எடுக்குமாறு மூன்று முறை ஒலிபெருக்கியில் வேண்டினோம்.

இனி, பாதுகாப்பு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கொக்கிரகுளம் வரை ஏறி வந்தபோது நம் அறையின் கீழ்த்தட்டு நனைந்தது. மைப் பேனாவில் எழுதிய படிவங்கள் நீலத் தாளாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை காய்ந்தபின் படிக்க முடிந்தது. ஆகவே பால்பாயிண்ட் பேனாவை மேசையிலேயே கட்டி வைத்துவிட்டோம். படிவங்கள் எண் வரிசையில், பிளாஸ்டிக் உறையில், பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. சாவி என்னிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. தொண்டர்கள் படிவத்தைக் கைபேசியில் படமெடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். பல கைபேசிகள் எடுத்த படத்தைத் தாமாகவே இணையச் சேமிப்புக்கு அனுப்பிவிடுகின்றன. முகவரியும் தொலைபேசி எண்ணும் அதோடு போய்விடும். கணினியில் நாம் ஏற்றுவது எண், பெயர், வயதுப் பிரிவு, படத்துக்கு ஆம் அல்லது இல்லை, இவ்வளவே.

எவ்வளவு காலம் வைப்பது என்பதில் செயற்குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. ஓராண்டில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றார்கள் சிலர். ஆனால் படம் சுவரில் தொங்கும்வரை, அதை வைத்திருக்க நமக்குள்ள ஒரே சான்று அந்தக் கீழ்பாதிதான். ஆகவே மேல்பாதியைப் பரிசளிப்பு முடிந்து மூன்று மாதத்தில் அழிக்கிறோம். கீழ்பாதி, படம் பயன்பாட்டில் இருக்கும்வரை இருக்கும், படம் இறங்கும் நாளில் அதுவும் போகும். மறுத்தவர்களின் கீழ்பாதியை, எடுத்த படங்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும்வரை வைத்திருக்கிறோம். இவ்வாண்டு அப்படிப் பார்த்தபோது ஓரத்தில் விழுந்திருந்த இரண்டு முகங்கள் அகப்பட்டன; அந்தப் படங்களை நீக்கினோம்.

பழைய பேப்பர் கடைக்கு இனி ஒரு படிவமும் போகாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் படிவம் ஒன்று நிலக்கடலைப் பொட்டலமாக ஓர் உறுப்பினர் கைக்கே வந்தது. மடிப்பைப் பிரித்தால் ஒரு சிறுமியின் பெயரும் வீட்டு எண்ணும். இப்போது மூன்று பேர் முன்னிலையில் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கூட்டப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம்.

மூன்றாவது சாவி தலைவரிடம் இருக்கலாமா என்ற கேள்வி செயற்குழுவில் முடிவாகவில்லை. அதைப் பேரவை முடிவு செய்துதர வேண்டுகிறேன்.

செயலாளர்