எழும்பூருக்கு எப்போது கிளம்புவது?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போகிறாய் என்றதும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்; மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

9.40 ரயிலுக்கு வளசரவாக்கத்திலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். போதாது. போன தீபாவளிக்கு நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். செல்போனில் 45 நிமிஷம் என்று காட்டியது. அது வண்டி நகர்ந்த பிறகான நேரம். ஒப்புக்கொண்ட டிரைவர், வர முடியாது என்று கால் மணி கழித்துச் சொன்னார், அடுத்த வண்டி ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் நின்றுவிட்டது. பிளாட்பாரத்துக்கு ஓடி வந்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ரயில் நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுகிறேன். 9.20-க்கு அம்மா சீட்டில் இருக்க வேண்டும். ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். இருபது பெட்டிக்கு மேல் உள்ள வண்டியில் உங்கள் பெட்டி மறுகோடியில் இருந்தால் அரை கிலோமீட்டர் நடை. அம்மாவின் முழங்காலுக்கும் சாமான்களுக்கும் இருபது நிமிஷம் வை. ஆக, 9.00-க்கு எழும்பூரில் இருக்க வேண்டும்.

முழுத் தூரமும் காரில் போகாதே. நல்ல நாளில் முக்கால் மணி, மோசமான நாளில் ஒன்றரை மணி. அது எந்த நாள் என்று கிளம்பும்போது தெரியாது. வடபழனி வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. வண்டி மாறாமல் நேரே எழும்பூர். டிக்கெட் வரிசை, பை சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 45 நிமிஷம் என்றால் 8.15-க்கு வடபழனி. அந்தச் சின்ன தூரத்துக்கு நெரிசலையும் சேர்த்து 35 நிமிஷம் விடு. 7.40-க்கு ஆட்டோ நகர வேண்டும், 7.25-க்கே கூப்பிட்டுவிடு.

7.35 ஆகியும் வண்டி வரவில்லையென்றால் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மெயின் ரோட்டுக்குப் போய் கிடைக்கிற ஆட்டோவைப் பிடி. நான் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான், 'இதோ வந்துடுவார்' என்று காத்திருந்தே கால் மணி போனது.

அப்புறம் ஒன்று. உன் ரயில் தாம்பரத்திலும் நிற்கும் என்றால், தம்பி காரில் கொண்டுவிடுவதாக இருந்தால், ஏறும் இடத்தை முன்னதாகவே தாம்பரம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும். அதனால் தம்பி வருவது நிச்சயமான பிறகு மாற்று.

எந்தப் பெட்டி என்று தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
சங்கர்