பிலிப்ஸின் கோடு சாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வட்டி விகிதம் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. "கொஞ்சம் விலைவாசி ஏற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையை ஒழித்துவிடலாம் என்று அரசுகளை நம்பவைத்தவர் பிலிப்ஸ்; அந்தக் கோடு செத்துப் பல காலமாகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பத்திரிகையைப் படித்துப் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பிலிப்ஸ் யாரையும் நம்பவைக்கவில்லை. லண்டனில் பொருளியல் பேராசிரியராக இருந்த அந்த நியூசிலாந்துக்காரர் 1958-இல் வெளியிட்ட கட்டுரை, 1861 முதல் 1957 வரை பிரிட்டனில் வேலையின்மையும் கூலி உயர்வும் எப்படி நடந்துகொண்டன என்று பார்த்தது. வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியது, கூடிய ஆண்டுகளில் மெதுவாக; அந்தத் தொடர்பைக் காட்டுவதுதான் பிலிப்ஸின் கோடு. அவர் பார்த்தது கூலியை. கடை விலையை அல்ல. இறக்குமதிப் பொருள்களின் விலை வேகமாக ஏறிய ஆண்டுகளை விட்டுவிட்டே அவர் முடிவு சொன்னார். வேலையின்மை இரண்டரை சதவீதத்தை ஒட்டி இருந்தால் விலைகள் ஏறாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும் என்ற அனுமானத்தில் சொன்னது அது.

கூலியின் இடத்தில் விலையை வைத்து, அமெரிக்க அரசு தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு பட்டியல்போல அதை முன்வைத்தவர்கள் அமெரிக்கப் பொருளியலாளர்கள் சாமுவேல்சனும் சோலோவும்; 1960-இல். வேலையின்மை 3 சதவீதமாக வேண்டுமா, விலைவாசி ஆண்டுக்கு 4, 5 சதவீதம் ஏறும் என்றார்கள். இந்தக் கோடு காலப்போக்கில் இடம் மாறக்கூடும் என்று அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார்கள். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் விட்டவர்களின் பழியை பிலிப்ஸ் ஏன் சுமக்க வேண்டும்?

இது இன்று நேற்று வந்த ஆதங்கம் இல்லை, ஐயா. கல்லூரியில் நான் பொருளியல் நடத்திய காலம் முழுக்க, பாடநூலில் இந்தப் படம் ஆண்டும் புள்ளியும் இல்லாமல் வழவழப்பான ஒரு கோடாகத்தான் அச்சாகி வந்தது. கரும்பலகையில் 1961-இலிருந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்காட்டினால், "தேர்வுக்கு இது வருமா சார்?" என்று கேட்பார்கள். பணவீக்கம் குறைந்தது என்ற செய்திக்கு உங்கள் பத்திரிகையே ஒருமுறை "விலைவாசி குறைந்தது" என்று தலைப்பிட்டது. ஏறும் வேகம் குறைவதும் விலை குறைவதும் வேறு என்று கடிதம் எழுதினேன். இரண்டு வரியாகக்கூட அது வரவில்லை.

அந்தப் புள்ளிகளை இங்கேயாவது வைக்கிறேன். அமெரிக்காவில் 1961-இல் வேலையின்மை 6.7 சதவீதம், விலைவாசி ஏற்றம் சுமார் 1 சதவீதம். 1969-இல் வேலையின்மை 3.5-க்கு இறங்கியது, விலைவாசி ஏற்றம் 5.5-க்குப் போனது. இதுவரை கோடு சொன்னபடிதான் நடந்தது. ஆனால் 1975-இல் வேலையின்மை 8.5, விலைவாசி ஏற்றம் 9.1. இரண்டும் சேர்ந்தே ஏறிவிட்டன. எண்ணெய் விலை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணத்தை எண்ணெய் விலை ஏறுவதற்கு முன்பே பெல்ப்ஸ், பிரீட்மன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தனித்தனியே சொல்லியிருந்தார்கள்.

அதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆசிரியர் வேலைக்கு வருமுன் கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். சம்பள ஒப்பந்தப் பேச்சில் குறிப்பெடுக்க என்னை உட்காரவைப்பார்கள். போன ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது என்று தொழிலாளர் தரப்பு பேச்சைத் தொடங்கியதே இல்லை. "அடுத்த மூணு வருசத்துல அரிசி என்ன வெலைக்குப் போகும்?" என்றுதான் தொடங்கும். நூல் விலையும் அதற்கேற்ப ஏறும் என்று நிர்வாகத்துக்கும் தெரியும். அதனால் ஓரளவு ஒப்புக்கொள்ளும். ஆக, வரப்போகும் விலையேற்றம் வருமுன்பே கூலிக்குள் புகுந்துவிடுகிறது.

இதைக் கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். எல்லோரும் 2 சதவீதம் ஏறும் என்று நினைத்திருக்கும்போது, அரசு செலவைக் கூட்டி வேலையின்மையைக் குறைக்கிறது. விலை 4 சதவீதம் ஏறுகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் 4 சதவீதம் அடிப்படையாகிவிடும். அதன்பிறகு வேலையின்மையை அதே அளவில் பிடித்துவைக்க 6 சதவீதம் தேவை, பிறகு 8. கோடு செத்துவிடவில்லை, ஒவ்வொரு முறையும் மேலே ஏறிப்போய் நிற்கிறது. இறக்குவதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த வோல்க்கர் வட்டியை ஏற்றியதில் 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம் ஆனது. 1980-இல் 13.5 சதவீதமாக இருந்த விலையேற்றம் 1983-இல் 3.2-க்கு வந்தது. அந்த வேலைகளை இழந்தவர்களிடம் போய் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியுமா?

பிறகு ஏன் கோடு மங்கியது? 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதம், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு விலையேற்றம் சரியவில்லை. 2019-இல் 3.5-க்கு இறங்கியும் ஏற்றம் 2 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. ஒரு காரணம், மத்திய வங்கி 2 சதவீதத்தில் நிறுத்திவிடும் என்று மக்கள் நம்பத் தொடங்கியது. நம்பிக்கை அசையாவிட்டால் கோடு மேலே ஏறாது. அமெரிக்க மாநிலங்களின் கணக்குகளைத் தனித்தனியே பார்த்து 2022-இல் வந்த ஓர் ஆய்வு, கோட்டின் சாய்வு 1980களிலேயே சிறியதுதான், வோல்க்கர் காலத்தில் விலையேற்றம் இறங்கியதில் பெரும்பங்கு மக்களின் நீண்டகால எதிர்பார்ப்பு மாறியதால் வந்தது என்கிறது.

இன்னொரு காரணத்தை உங்கள் கட்டுரையாளர் யோசிக்கவே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று ஒருவர் நாளெல்லாம் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறார். ஷட்டரின் உயரத்தையும் தண்ணீரின் மட்டத்தையும் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். விலையேற்றம் தலைகாட்டும் முன்பே வட்டியை மாற்றும் மத்திய வங்கியும் அப்படித்தான். அது வேலையைச் சரியாகச் செய்தால் புள்ளிவிவரத்தில் கோடு மறைந்துவிடும்.

2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த விலையேற்றம் ஓராண்டில் 3 ஆனது, வேலையின்மை 3.6-ஐ ஒட்டியே நின்றது என்பதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி பெருந்தொற்றுத் தட்டுப்பாடும் எரிபொருளும் கொண்டுவந்தது. அவை தணிந்தபோது ஆள் குறைக்காமலே அந்தப் பகுதி இறங்கும். இப்படிப்பட்ட ஆண்டுகளைத்தான் பிலிப்ஸ் 1958-லேயே தன் கணக்கில் சேர்க்காமல் விட்டார். மீதிப் பகுதி ஆள் பற்றாக்குறையால் வந்ததா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்.

இத்தனையும் தாங்கள் அறியாததல்ல. அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் போடுங்கள்: பிலிப்ஸ் ஆராய்ந்தது கூலியை என்றும், கோடு இடம் மாறியது, மங்கியது என்றும். இடம் இருந்தால் 1961 முதல் 1983 வரையிலான புள்ளிகளை, பக்கத்தில் ஆண்டு எழுதி, ஒரு சின்னப் படமாக அச்சிடுங்கள். படம் நானே வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
கோவை