கிராமப் புலங்களை அளந்து வரைபடமாக்க நில அளவரை அமர்த்தும் பணி விவரத்தில் சேர்க்க வேண்டியவை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
பட்டாதாரர்கள் மற்றும் ஓய்வுபெற்ற நில அளவர்கள்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

வழி: உதவி இயக்குநர், நில அளவை மற்றும் பதிவேடுகள் துறை.

பொருள்: எங்கள் வருவாய் கிராமத்துப் பட்டா நிலங்களைத் தனியார் நில அளவர் மூலம் அளந்து வரைபடமாக்குதல் – பணி விவரம், ஒப்படைக்க வேண்டியவை, துல்லிய வரம்பு – நிர்ணயிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் கிராமத்தின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். இதை அளக்க ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், கீழே உள்ளவற்றைப் பணி விவரத்தில் எழுத்தாகச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். "நவீன கருவியால் துல்லியமாக அளந்து தர வேண்டும்" என்று எழுதினால் போதாது. எதை, எந்த அளவுக்கு, எப்படிச் சரிபார்த்து என்ற மூன்றும் இல்லாவிட்டால் வருகிற வரைபடம் எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

முதலில், அளவர் அளப்பது எந்த எல்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே புலத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. புலப்படத்தில் (எஃப்.எம்.பி.) ஜி-லைனும் ஆஃப்செட்டுமாக எழுதப்பட்டிருப்பது பதிவு எல்லை. வரப்பாகவும் வேலியாகவும் தரையில் கிடப்பது அனுபவ எல்லை. இரண்டும் ஒன்றிப்போகாத இடத்தில் அளவர் தன் விருப்பத்துக்கு ஒன்றை இழுத்து மற்றதோடு ஒட்டிவிடுவார். படம் அழகாக வரும், வழக்கும் கூடவே வரும். ஆகவே இரண்டையும் தனித்தனி அடுக்காக, ஒன்றை மற்றொன்றுக்காகத் திருத்தாமல் தர வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. எது சரி என்று முடிவு செய்யும் அதிகாரம் 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அரசு அலுவலருக்கே உண்டு. ஒப்பந்த அளவருக்கு இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

பதிவு எல்லையைக் கணினியில் ஏற்றும்போது புலப்படத்தை ஸ்கேன் செய்து அதன் மேல் கோடு வரைவதை அனுமதிக்கக் கூடாது. 1:2000 அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு தரையில் 1 மீட்டர். தாள் சுருங்கியிருந்தால் பிழை இன்னும் கூடும். படத்தில் எழுதியிருக்கும் எண்களைக் கொண்டே கோடு கோடாகக் கட்ட வேண்டும்.

அடுத்து, கல். புல மூலைக் கற்களையும் முச்சந்திக் கற்களையும் தேடி, ஒவ்வொன்றும் இருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா, காணவில்லையா என்று பதிய வேண்டும். கல் இருப்பதாலேயே அது தன் இடத்தில் இருக்கிறது என்று ஆகாது. டிராக்டர் கலப்பையில் மாட்டிய கல்லை வரப்போரமாகத் திருப்பி நட்டுவைப்பது வழக்கம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 100 மீட்டருக்கு 80 மீட்டர் என்று புலப்படத்தில் உள்ள ஒரு செவ்வகப் புலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கல் மட்டும் நகர்ந்திருந்தால், அந்தக் கல்லைத் தொடும் இரண்டு பக்கமும் அதிலிருந்து போகும் மூலைவிட்டமும்தான் மாறும். மற்ற மூலைவிட்டம் புலப்படத்தோடு பொருந்தும். அதுவல்லாமல், ஒரு திசையில் போகும் கோடுகள் எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்து 100 மீட்டர் 98.5 மீட்டராக வந்தால், குற்றம் கல்லின் மேல் இல்லை. அந்தக் காலத்தில் சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிக்காமல் சரிவோடு கிடத்தி அளந்திருக்கிறார்கள். 10 பாகைச் சரிவு சரியாக இந்த வித்தியாசத்தைத் தரும். கரட்டு ஓரப் புலங்களில் இதை எதிர்பார்க்கலாம். ஆகவே பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குத் தோன்றும் காரணத்தையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

துல்லிய வரம்பை ஒரே எண்ணாகப் போடக் கூடாது. கிராமத்தில் நடும் கட்டுப்பாட்டுத் தூண்களுக்கு 2 செ.மீ., எல்லைக் கற்களுக்கு 5 செ.மீ., வரப்பு மூலைகளுக்கு 20 செ.மீ. என்று மூன்றாகப் பிரிக்கக் கோருகிறோம். அரை மீட்டர் அகல வரப்பின் நடு எது என்று இரண்டு பேர் குச்சி ஊன்றினாலே ஒரு சாண் தள்ளிப்போகும். அங்கே 1 செ.மீ. கேட்டால் எந்தக் கருவியாலும் தர முடியாது, தந்ததாக அறிக்கையில் மட்டும் எழுதுவார்கள். பரப்பில் இதன் விளைவு என்ன என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நாற்கரப் புலத்தில் மூலைப் புள்ளியின் பிழையை மூலைவிட்ட நீளத்தால் பெருக்கினால் பரப்பில் எதிர்பார்க்கக்கூடிய பிழை கிடைக்கும். மேலே சொன்ன 0.80 ஹெக்டேர் புலத்தின் மூலைவிட்டம் 128 மீட்டர். கல்லை வைத்து அளந்தால் 6.4 சதுர மீட்டர் பிழை. வரப்பை வைத்து அளந்தால் 25.6 சதுர மீட்டர், அதாவது அரை சென்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாக 3 மீட்டர் தவறும் செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் 384 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்பதரை சென்ட். செல்போன் செயலியால் எல்லை அளப்பதை வெளிப்படையாகத் தடை செய்யக் கோருவதற்கு இதுவே காரணம்.

நமது மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை பென்னாகரத்துக்கும் தருமபுரிக்கும் இடையே போகிறது. யு.டி.எம். 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் சந்திக்கும் கோடு அதுதான். எங்கள் கிராமம் அதை ஒட்டியே உள்ளது. பாதிக் கோப்பு ஒரு மண்டலத்திலும் மீதி இன்னொன்றிலும் வரக் கூடாது. முழுக் கிராமமும் `EPSG:32644` என்ற ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். 43இல் அளந்ததை 44 என்று திறந்தால் நிலம் வங்காள விரிகுடாவில் போய் விழும். அது உடனே கண்ணில் படுவதால் ஆபத்து குறைவு. கண்ணில் படாத பிழைதான் கெடுதல். மண்டல ஓரத்தில் யு.டி.எம். தூரம் தரைத் தூரத்தைவிட 100 மீட்டருக்குச் சுமார் 8 செ.மீ. நீண்டு வரும். 0.80 ஹெக்டேர் புலத்தில் 13 சதுர மீட்டர் கூடும். கல்லுக்கு நாம் விதிக்கும் வரம்பு தரும் பிழையைப்போல் இது இரண்டு மடங்கு. 600 ஹெக்டேர் கிராமத்தில் கூட்டிப் பார்த்தால் சுமார் 1 ஹெக்டேர், அதாவது இல்லாத இரண்டரை ஏக்கர், முளைத்துவிடும். ஆகவே பரப்பைத் தரை அளவுக்குத் திருத்தித் தர வேண்டும், திருத்தக் காரணியையும் எழுதித் தர வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் கணக்கிட்டால் `area($geometry)` தருவது யு.டி.எம். தளப் பரப்பு, திட்டத்தில் நீள்வட்டக் கோளம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்போது `$area` தருவதே ஏற்கத்தக்கது.

களப்பணிக்கு நாங்கள் கேட்பவை சிலவே. கிராமத்தில் குறைந்தது 4 கான்கிரீட் தூண்கள், ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியும்படி இரண்டிரண்டாக, ஜோடிக்குள் 300 மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நாளில் இரண்டு முறை, முறைக்கு 2 மணி நேரம், டி.ஜி.பி.எஸ். வைத்து இந்திய நில அளவைத் துறையின் கோர்ஸ் நிலையங்களோடு இணைக்க வேண்டும்.

புளியமரத்தடிக் கல்லில்தான் அதிகம் தவறு நடக்கும். எல்லை வரப்பில் மரம் இருப்பதும் மரத்தடியில் கல் இருப்பதும் நம் பக்கத்தில் சாதாரணம். அங்கே ஆர்.டி.கே. கருவி திரையில் `FIXED` என்று காட்டிக்கொண்டே அரை மீட்டர் தள்ளிச் சொல்லக்கூடும், ஏனென்றால் சிக்னல் கிளையிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பி வருகிறது. கருவியை அணைத்து, அரை மணி கழித்து அதே கல்லில் மறுபடி வைத்தால் குட்டு வெளிப்படும். இரண்டு அளவும் 5 செ.மீ.க்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவு செல்லாது. மர நிழலில் உள்ள கற்களை வெட்டவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் வைத்தே எடுக்க வேண்டும். அந்த இரண்டு புள்ளிக்கும் இடையே உள்ள தூரம், கல்லுக்குள்ள தூரத்தைவிடக் குறையக் கூடாது. 20 மீட்டரில் பின்னோக்குப் புள்ளி வைத்து 2 செ.மீ. தவறினால் 100 மீட்டரில் உள்ள கல் 10 செ.மீ. விலகும்.

கரும்பும் மரவள்ளியும் நிற்கும்போது பார்வைக்கோடு கிடைக்காது. அந்தப் புலங்களை அறுவடைக்குப் பின் அளக்க வேலை அட்டவணையில் இடம் விட வேண்டும். பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். களத்தாளில் அவர்கள் இடும் கையொப்பம் "அளக்கும்போது உடனிருந்தேன்" என்பதற்கு மட்டும். "எல்லைக்குச் சம்மதம்" என்ற வாசகம் அச்சாகியிருந்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள், மீதிப் பேர் தெரியாமல் போட்டுவிடுவார்கள்.

ஒப்படைக்க வேண்டியவற்றில் முக்கியமானது வித்தியாசப் பதிவேடு. புல எண், உட்பிரிவு, அ-பதிவேட்டுப் பரப்பு, பதிவு எல்லைப்படி பரப்பு, அனுபவ எல்லைப்படி பரப்பு, வித்தியாசம், தோன்றும் காரணம் என்று ஒரு புலத்துக்கு ஒரு வரி. அதோடு எல்லாப் புள்ளிகளின் பட்டியல் `.csv` கோப்பாக, எந்தக் கருவியால் எந்த நாளில் எடுத்தது, கல்லா வரப்பா என்ற விவரத்தோடு வேண்டும். இரண்டு அடுக்கு வரைபடம் `.gpkg` கோப்பாகவும் 1:2000 அச்சாகவும், தூண்களின் இட விவரக் குறிப்பு படத்தோடும் வேண்டும். கருவியில் பதிவான மூலக் கோப்புகள் திருத்தப்படாமல் வர வேண்டும். இதை அளவர்கள் தரத் தயங்குவார்கள். ஆனால் அது இல்லாமல் பிற்காலத்தில் ஒரு கல்லைக்கூடச் சரிபார்க்க முடியாது.

சரிபார்ப்பை அளந்தவரே செய்யக் கூடாது. கோப்புகள் ஒப்படைக்கப்பட்ட பிறகு, துறை அளவர் 40 கற்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து மறுபடி அளக்க வேண்டும். அவற்றில் 10 மரத்தடிக் கற்களாக இருக்க வேண்டும். 38 கற்களாவது 5 செ.மீ. வரம்புக்குள் வராவிட்டால், தவறிய கல்லை மட்டும் திருத்தி வாங்காமல், அந்தக் கல்லை எடுத்த நாளின் வேலை முழுவதையும் மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பின்னோக்குப் புள்ளி தவறினால் அது அன்றைய எல்லாப் புள்ளிகளிலும் ஏறியிருக்கும். ஒப்பந்தத் தொகையில் 40 சதவீதத்தை இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை நிறுத்திவைக்கக் கோருகிறோம்.

மேற்கண்டவற்றைப் பணி விவரத்தில் சேர்த்து, ஒப்பந்தப்புள்ளி வெளியிடும் முன் வரைவு நகலைக் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் 15 நாள் பார்வைக்கு வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: வித்தியாசப் பதிவேட்டின் மாதிரிப் படிவம் – 1 தாள்.

இப்படிக்கு,
பட்டாதாரர்கள் மற்றும் ஓய்வுபெற்ற நில அளவர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)