பொருள்: ரத்தான இயற்கைச் சுழற்சி ஐ.வி.எஃப். சிகிச்சைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்: காரைக்குடியிலிருந்து உங்கள் மையத்தில் சிகிச்சை பெற்றவர்
பெறுநர்: நிர்வாகி, கருத்தரிப்பு மையம், மதுரை

ஐயா,

எனக்கு வயது 38. சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு 0.6தான். முதல் சிகிச்சையின் இரண்டாம் நாள் ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சேர்த்து 4 முட்டைப்பைகள்தான் தெரிந்தன. அப்படியும் தினம் 450 யூனிட் வீதம் 11 நாள் ஊசி எழுதிக் கொடுத்தீர்கள். ஐஸ் கட்டியோடு ஊசி மருந்தைக் கொட்டானில் வைத்து, மடியில் ஏந்தியபடி பஸ்ஸில் வந்தேன். மருந்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. கிடைத்தது 2 முட்டை. கரு தங்கவில்லை.

அந்த மாதம் சினைப்பையில் தயாராக இருக்கும் பைகளைத்தான் ஊசி வளர்க்கும், புதிதாக ஒன்றை உண்டாக்காது. என்னைப் போல முட்டை குறைந்தவர்களுக்கு 300 யூனிட்டுக்கு மேல் போவதால் பலன் கூடுவதில்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்க வழிகாட்டியே சொல்கிறது. லெட்ரோசோல் மாத்திரை ஐந்து நாள், கூடவே 150 யூனிட் ஊசி என்று மிதமான முறையில் போயிருந்தாலும் முட்டை சற்றுக் குறையலாம், கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய அதேதான். மருந்துச் செலவு பாதிக்கும் கீழே வந்திருக்கும். அப்படியொரு வழி இருப்பதாக யாரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை.

சரி, அது போகட்டும். அடுத்ததாக நீங்களே "ஊசியில்லாத, மலிவான" இயற்கைச் சுழற்சியைச் சொன்னீர்கள். அதில் வருவது ஒரே முட்டை. எல்.எச். ஹார்மோன் தானாக ஏறிவிட்டால் அது ஒன்றரை நாளில் வெடித்துப் போய்விடும். ஆகவே முட்டைப்பை 14 மில்லிமீட்டர் ஆனதும் எல்.எச். ஏறாமல் தடுக்கும் ஊசியும், கூடவே முட்டைப்பை வளர எஃப்.எஸ்.எச். ஊசி கொஞ்சமும் போடுவது வழக்கம். எனக்கு இரண்டும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கேனில் 17 மில்லிமீட்டர். அன்றைக்கு ரத்தத்தில் எல்.எச். பார்க்கவில்லை. முட்டை முதிரும் ஊசியை அன்றிரவே போட்டால் ஞாயிறு காலை முட்டை எடுக்க வேண்டும், ஞாயிறு தியேட்டர் கிடையாது என்று சொல்லி சனி இரவுக்குத் தள்ளினீர்கள். திங்கள் காலை ஸ்கேன் திரையில் பை இருந்த இடம் சுருங்கிக் கிடந்தது, கருப்பைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. "முட்டை போயிடுச்சும்மா" என்றார் நர்ஸ். என் கணவர் வெளியே பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தார்.

இந்த முறையில் இப்படி ரத்தாவது சகஜம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் முட்டை போனது உங்கள் ஞாயிறு விடுமுறையால். முட்டை எடுக்கவும் ஆய்வகத்துக்கும் முன்கூட்டியே வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். நடக்காத வேலைக்கான பணம் அது. அப்புறம், இரண்டு சிகிச்சைகளின் ஸ்கேன் தாள்களும் மருந்துக் குறிப்புகளும் எனக்கு வேண்டும். வேறு மருத்துவரிடம் காட்டப் போகிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து வந்த உங்கள் நோயாளி